ஆடிட்டுக்கு முன்னால் வரும் மெயில்

மார்ச் 31-ல் கணக்கு ஆண்டு முடிகிறது. ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து இரண்டு மூன்று பேர் கம்பெனிக்கு நேரில் வந்து உட்கார்ந்து கணக்கைப் பார்ப்பது பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ நடக்கும். அதற்குச் சில வாரங்கள் முன்பு கம்பெனியின் அக்கவுண்டன்டுக்கு ஒரு மெயில் வரும். ‘கீழ்க்கண்ட ஆவணங்களைத் தயாராக வைக்கவும்’ என்று ஒரு வரி, அதன் கீழே நீளமான ஒரு பட்டியல். பல அலுவலகங்களில் இது போன வருஷத்து மெயில்தான். ஆண்டை மட்டும் மாற்றி அனுப்பியிருப்பார்கள்.

பட்டியலைப் பார்த்ததும் அக்கவுண்டன்ட் முதலில் கேட்பது, “சார், எல்லா லெட்ஜரும்னு போட்டிருக்கே, நிஜமாவே எல்லாமா?” என்பதுதான். நியாயமான கேள்வி. ‘எல்லா லெட்ஜரும்’, ‘அனைத்து வவுச்சர்களும்’, ‘தேவையான இதர ஆவணங்கள்’ என்று எழுதிய மெயில் எதையும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். படிப்பவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. அதனால் அவர் தொடங்கவே மாட்டார். ஆடிட் குழு வந்து இறங்குகிற திங்கட்கிழமை காலையில்தான் பீரோ திறக்கும்.

சிறியதோ பெரியதோ, பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 143-வது பிரிவில், கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் எந்த நேரத்திலும் பார்க்க ஆடிட்டருக்கு உரிமை தருகிறது. ஆகவே இந்த மெயில் கேட்பது சலுகை அல்ல. ஆனால் உரிமை இருப்பதாலேயே ஆவணம் மேசைக்கு வந்துவிடாது. அது வருமா, எப்போது வரும் என்பதை மெயில் எழுதப்பட்ட விதம்தான் பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது.

ஒரு கம்பெனியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம். நூல் வாங்கி, வெளியில் நிட்டிங் கொடுத்து, சாயப்பட்டறைக்கு அனுப்பி, துணியைத் திரும்ப வாங்கித் தைத்து, தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்புகிறது. அக்கவுண்ட்ஸில் ஒரு சீனியர், இரண்டு உதவியாளர்கள். 2024-25 கணக்கு ஆண்டு. ஆடிட் குழு வருவது 2025 ஜூன் 9, திங்கள். மெயில் போக வேண்டியது மே 5. இது எந்த ஒரு கம்பெனியின் கதையும் அல்ல. அந்த ஊரில் பல கம்பெனிகளில் காணக்கூடிய அம்சங்களைச் சேர்த்துச் சொல்கிறேன்.

வழக்கமான பட்டியல் பேலன்ஸ் ஷீட் வரிசையில் இருக்கும். முதலில் பங்கு மூலதனம், பிறகு கடன்கள், சொத்துகள், ஸ்டாக், வங்கி, கடைசியில் செலவுகள். ஆடிட்டரின் ஃபைலுக்கு அது வசதி. தயாரிப்பவருக்கு அந்த வரிசையால் எந்தப் பயனும் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது, எதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்பது. அப்படிப் பார்த்தால் பட்டியலில் உள்ளவை மூன்று வகை. வெளியாட்களிடமிருந்து வர வேண்டியவை, நம் ஆட்கள் உட்கார்ந்து தயாரிக்க வேண்டியவை, ஏற்கெனவே ஃபைலில் இருப்பவை. நல்ல மெயில் இந்த வரிசையில்தான் கேட்கும். வெளியிலிருந்து வருவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும் என்பதால் அது முதலில்.

நம் உதாரணத்தில் மெயிலின் மேல் பகுதி, தமிழில் எழுதினால், இப்படி இருக்கும்:

“மதிப்பிற்குரிய ஐயா, 2024-25 தணிக்கைக்காக ஜூன் 9 முதல் 13 வரை எங்கள் குழு உங்கள் அலுவலகம் வருகிறது. பட்டியல் மூன்று பகுதிகளாக உள்ளது. முதல் பகுதிக்கு மே 12-க்குள் கையெழுத்து தேவை. இரண்டாம் பகுதியில் டிரையல் பேலன்ஸ் மே 19-க்குள், மற்றவை மே 30-க்குள். மூன்றாம் பகுதியை இப்போது அனுப்ப வேண்டாம். நாங்கள் வரும்போது மேசையில் இருந்தால் போதும். ஏதாவது ஆவணம் உங்களிடம் இல்லையென்றால், தேட வேண்டாம்; ‘இல்லை’ என்று எதிரில் எழுதி முதல் வாரத்திலேயே தெரிவியுங்கள்.”

முதல் பகுதியில் முக்கியமானது வங்கி உறுதிக் கடிதம். மார்ச் 31 அன்று கம்பெனியின் கணக்குகளில் எவ்வளவு இருந்தது, கடன் எவ்வளவு, எந்தச் சொத்து அடமானத்தில் இருக்கிறது என்று வங்கியே ஆடிட்டருக்கு எழுதித் தருவது. இங்கே கம்பெனியிடம் கேட்பது அந்தக் கடிதத்தை அல்ல, கடிதம் தர வங்கிக்கு அனுமதி கொடுத்து இயக்குநர் போடும் கையெழுத்தை மட்டும்தான். கடிதத்தை அனுப்புவதும் பதிலைப் பெறுவதும் ஆடிட்டர் கையிலேயே இருக்க வேண்டும் என்பது வெளி உறுதிப்படுத்தல் பற்றிய எஸ்.ஏ. 505 தணிக்கைத் தரம் சொல்வது. ‘வங்கியிலிருந்து உறுதிக் கடிதம் வாங்கி வைக்கவும்’ என்று ஒரு மெயில் கேட்டால், அந்த வரியிலேயே தணிக்கை பழுதாகிவிட்டது. கம்பெனியின் கை வழியாக வரும் கடிதம், கம்பெனி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதற்கு மேல் அதிகம் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், 2008 செப்டம்பர் 30 கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். 2020-ல் ஜெர்மனியின் வயர்கார்ட் நிறுவனத்தில் 190 கோடி யூரோவைக் காணோம். அந்தப் பணம் இருப்பதாகச் சொல்லப்பட்ட பிலிப்பைன்ஸ் வங்கிகள், அதற்கான ஆவணங்கள் போலி என்று கைவிரித்தன. இரண்டு இடத்திலும் ஆடிட்டர்கள் இருந்தார்கள், காகிதங்களும் இருந்தன. காகிதம் யாரிடமிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

அடுத்தது ஜாப் ஒர்க் ஸ்டாக். திருப்பூர் கம்பெனியின் சரக்கு முழுவதும் அதன் கூரைக்குக் கீழே இருப்பதில்லை. மார்ச் 31 இரவு நூல் நிட்டிங் யூனிட்டில் இருக்கும், துணி சாயப்பட்டறையில் இருக்கும், வெட்டிய பீஸ்கள் பிரிண்டிங்கில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஜாப் ஒர்க்கரிடமிருந்தும், ‘மார்ச் 31 அன்று உங்கள் சரக்கு இத்தனை கிலோ எங்களிடம் இருந்தது’ என்று உறுதிக் கடிதம் வேண்டும். கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில் கடிதங்களைத் தயாரித்துக் கொடுக்கும். அனுப்புவது ஆடிட்டர், பதில் வருவதும் ஆடிட்டருக்கே.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை உண்டு. கம்பெனி டெலிவரி சலான்படி ஒரு சாயப்பட்டறைக்கு 12,000 கிலோ துணி அனுப்பியது. சாயம் போட்டு 9,500 கிலோ திரும்பி வந்தது. அக்கவுண்ட்ஸ் கணக்குப்படி பட்டறையில் மீதி 2,500 கிலோ. ஆனால் சாயமேற்றும்போது துணி எடை குறையும். அந்தக் கழிவு 5 சதவீதம் என்று பேசி வைத்திருந்தால், 9,500 கிலோ சாயத் துணி என்பது 10,000 கிலோ துணி திரும்பியதற்குச் சமம். பட்டறையில் உண்மையில் இருப்பது 2,000 கிலோ. கிலோ 350 ரூபாய் என்றால், இல்லாத 500 கிலோவுக்கு 1,75,000 ரூபாய் ஸ்டாக்கில் உட்கார்ந்திருக்கிறது, லாபத்திலும் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு பட்டறையில் இவ்வளவு. அதனால்தான் மெயிலில் ‘ஜாப் ஒர்க் விவரம்’ என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. ‘ஒவ்வொரு யூனிட்டுக்கும் அனுப்பிய கிலோ, திரும்பிய கிலோ, ஒப்புக்கொண்ட கழிவு சதவீதம், மீதி கிலோ’ என்று நான்கு நெடுவரிசைகளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றாவது நெடுவரிசையை நிரப்பும்போதே அக்கவுண்டன்டுக்குப் பிழை தெரிந்துவிடும்.

ஸ்டாக் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்ச் 31 அன்று குடோனில் எண்ணுவதை மே மாதத்து மெயில் கேட்க முடியாது. அது மார்ச் முதல் வாரத்திலேயே தனி மெயிலாகப் போயிருக்க வேண்டும். எண்ணும் நாளில் ஆடிட்டரின் ஆள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். மே மெயிலில் கேட்கக்கூடியது, அன்று எண்ணிக் கையெழுத்திட்ட ஷீட்களின் ஸ்கேன் மட்டும். தவறவிட்டால் பிறகு ஒரு நாள் எண்ணி, இடையில் வந்த சரக்கையும் போன சரக்கையும் கூட்டிக் கழித்துப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும். செய்யலாம், ஆனால் வேலை பல மடங்கு, நம்பகமும் குறைவு.

இரண்டாம் பகுதிக்கு வருவோம். இதில் முதலில் வர வேண்டியது டிரையல் பேலன்ஸ், அதாவது எல்லா லெட்ஜர்களின் மீதியும் ஒரே தாளில். மற்ற ஒவ்வொரு பட்டியலின் கூட்டுத்தொகையும் இதில் உள்ள ஒரு எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். வர வேண்டிய பாக்கிப் பட்டியலின் மொத்தம் டிரையல் பேலன்ஸில் உள்ள தொகையோடு பொருந்தவில்லையென்றால், அந்தப் பட்டியலை வைத்து எந்த வேலையும் செய்ய முடியாது. நடைமுறையில் இது எப்படிக் கெடுகிறது என்றால், மே 19-ல் டிரையல் பேலன்ஸை அனுப்பிய பிறகும் அக்கவுண்ட்ஸில் என்ட்ரி போட்டுக்கொண்டே இருப்பார்கள். மே 30-ல் வரும் பட்டியல்கள் வேறொரு டிரையல் பேலன்ஸுக்கு உரியவையாக இருக்கும். `debtors_final.xlsx`, `debtors_final2.xlsx`, `debtors_new_final.xlsx` என்று ஃபைல்கள் வரத் தொடங்கினால் இதுதான் நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். மெயிலில் ஒரு வரி இதைத் தடுக்கும்: ‘மே 19-க்குப் பிறகு மார்ச் தேதியிட்டுப் போடும் ஒவ்வொரு என்ட்ரியையும் தனித் தாளில் குறித்து வையுங்கள்.’ 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் எப்போது நடந்தது என்ற தடம் பதிவாக வேண்டும் என்பது சட்டம். அந்தத் தடம் ஆண்டு முழுவதும் இயங்கியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். ஆகவே அந்த என்ட்ரிகள் எப்படியும் தெரியத்தான் போகின்றன. முன்பே குறித்துக் கொடுத்தால் ஒரு நாள் விசாரணை மிச்சம்.

வங்கிக் கணக்குச் சரிபார்ப்புத் தாளையும் இந்தப் பகுதியில்தான் கேட்பார்கள். கம்பெனி புத்தகத்தில் மார்ச் 31 இருப்பு 11,40,000 ரூபாய். கொடுத்த காசோலைகளில் வங்கிக்கு இன்னும் போகாதவை 3,25,000. வங்கியில் போட்டும் வரவு வைக்கப்படாதவை 90,000. அப்படியானால் வங்கி ஸ்டேட்மென்ட் 13,75,000 காட்ட வேண்டும். காட்டுகிறது. கணக்கு பொருந்திவிட்டது என்று இத்தோடு நிறுத்துவது பலரின் வழக்கம். ஆனால் அந்த 3,25,000 ரூபாய்க் காசோலைகள் உண்மையிலேயே யாருக்காவது போனவையா? ஏப்ரலில் அவை பாஸ் ஆகியிருக்க வேண்டும். அதனால் மார்ச் ஸ்டேட்மென்ட் மட்டும் போதாது. ‘ஏப்ரல் 30 வரையிலான ஸ்டேட்மென்ட்’ என்று கேட்க வேண்டும். காசோலை எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். டிசம்பர் 10 தேதியிட்ட காசோலை மார்ச் 31 தாளில் ‘இன்னும் பாஸ் ஆகவில்லை’ என்று நின்றால், அது இனி பாஸ் ஆகப்போவதில்லை. அந்தக் கடன் இன்னும் தீராமல் இருக்கிறது, அல்லது அப்படி ஒரு கடனே இருந்ததில்லை.

மூன்றாம் பகுதி, ஃபைலில் இருப்பவை: வாடகை ஒப்பந்தம், கடன் அனுமதிக் கடிதம், போர்டு மீட்டிங் மினிட்ஸ், ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். ரிட்டன்கள். இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பகுதியில்தான், இந்தக் கம்பெனிக்கு மிக முக்கியமான ஒரு வரி ஒளிந்திருக்கிறது: ‘மார்ச் 20 முதல் ஏப்ரல் 10 வரையிலான ஏற்றுமதி இன்வாய்ஸ்கள், அவற்றின் ஷிப்பிங் பில்கள், பில் ஆஃப் லேடிங்குகள்.’

ஏன் இந்த மூன்று வாரம்? ஒரு சரக்கைத் தொடர்ந்து பார்க்கலாம். ஜெர்மனி பையருக்கு எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்ற நிபந்தனையில் விற்பனை. இன்வாய்ஸ் மார்ச் 28. ஷிப்பிங் பில் மார்ச் 29. லாரி தொழிற்சாலையை விட்டுப் போய்விட்டது. கப்பல் நிறுவனம் கொடுத்த பில் ஆஃப் லேடிங்கில் சரக்கு ஏறிய தேதி ஏப்ரல் 2. எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு விற்பவருடையது. ஆகவே மார்ச் 31 இரவு அந்தச் சரக்கு கம்பெனியுடையதுதான். விற்பனை அடுத்த ஆண்டுக்கு உரியது. இன்வாய்ஸ் 38 லட்சம், தயாரிப்புச் செலவு 32 லட்சம் என்றால், மார்ச்சில் பதிவு செய்ததால் 6 லட்சம் லாபம் ஓர் ஆண்டு முன்னால் வந்துவிட்டது.

திருத்துவதும் ஒரே என்ட்ரியில் முடியாது. விற்பனையில் 38 லட்சத்தைக் குறைத்துவிட்டு நின்றுவிட்டால், 32 லட்சம் ரூபாய்ச் சரக்கு எங்குமே இல்லாமல் போய்விடும். குடோனில் எண்ணியவர்கள் அதை எண்ணவில்லை, ஏனென்றால் அது துறைமுகத்தில் இருந்தது. அதைத் தனி வரியாக ஸ்டாக்கில் சேர்க்க வேண்டும். பையரிடமிருந்து வர வேண்டிய பாக்கியிலும் குறைக்க வேண்டும். இன்வாய்ஸ் மார்ச் தேதியில் இருப்பதால் மார்ச் மாத ஜி.எஸ்.டி. ரிட்டனில் அது ஏறியிருக்கும்; ரிட்டனுக்கும் புத்தகத்துக்கும் 38 லட்சம் வித்தியாசம் வரும். அது தவறல்ல, ஆனால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். இத்தனையும் பில் ஆஃப் லேடிங்கில் உள்ள ஒரு தேதியிலிருந்து வருகிறது. ‘விற்பனை பில்கள் அனைத்தும்’ என்று கேட்ட மெயிலுக்கு வரும் ஃபைல் மூட்டையில் அந்தத் தேதி எங்கோ புதைந்திருக்கும்.

வவுச்சர்களைப் பற்றி ஒரு வார்த்தை. லெட்ஜரை முதலில் வாங்கி, அதிலிருந்து தேர்ந்தெடுத்த வவுச்சர் எண்களை மட்டும் வருகைக்குச் சில நாள் முன்பு அனுப்புவது நல்ல பழக்கம். அக்கவுண்டன்டுக்குப் பீரோ பீரோவாக இறக்கும் வேலை மிச்சம். ஆனால் ரொக்கச் செலவுகளுக்கு அப்படி முன்கூட்டியே எண் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. நேரில் வந்து, ஃபைலைத் திறந்து, அங்கேயே எடுத்துப் பார்ப்பதுதான் சரி. ரொக்க வவுச்சரை ஒரு மாலையில் எழுதிவிட முடியும்.

அனுப்பும் முறையையும் மெயிலே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொன்றாக அட்டாச்மென்ட்டில் அனுப்பினால், யார் எதை எப்போது அனுப்பினார்கள் என்று இரண்டு பக்கமும் குழம்பும். பட்டியலின் வரிசை எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள், பெயர் குறிப்பிட்ட சிலர் மட்டும் திறக்கக்கூடிய ஒரே பகிர்வு இடம்: இது போதும். சம்பளப் பதிவேட்டில் தொழிலாளர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். அதைச் சாதாரண மெயிலில் சுற்றவிடக் கூடாது. பட்டியல்கள் எக்செலில் வர வேண்டும், ஒப்பந்தங்கள் ஸ்கேனில் வரலாம். பாக்கிப் பட்டியலை பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால், ஆடிட் குழுவில் ஒரு பையன் ஒரு நாள் முழுக்க அதைத் திரும்ப டைப் அடித்துக்கொண்டிருப்பான்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரில் பொறுப்பானவர் பெயர் இருக்க வேண்டும் என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஷிப்பிங் பில் அக்கவுண்ட்ஸில் இருக்காது, டாக்குமென்டேஷன் பிரிவில் இருக்கும். கழிவு சதவீதம் புரொடக்‌ஷன் மேனேஜருக்குத்தான் தெரியும். மெயில் அக்கவுண்டன்டுக்கு மட்டும் போனால், மற்றவர்களிடம் கெஞ்சி வாங்கும் வேலை அவர் தலையில் விழும். இயக்குநருக்கு ஒரு நகல் போட்டு, வரிக்கு வரி பெயரும் எழுதினால், யார் தாமதம் செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மெயில் வேலை செய்ததா என்பது தெரிந்துவிடும். பாதி வரிகளுக்குப் பதில் வந்து, மீதிக்கு ‘இல்லை’, ‘வங்கி தரவில்லை’, ‘இது எங்களுக்குப் பொருந்தாது’ என்று ஏதாவது எழுதியிருந்தால் நல்ல நிலை. ‘எல்லாம் ரெடி சார், வாங்க’ என்று ஒரே வரியில் பதில் வந்தால், அன்றே போன் செய்து டிரையல் பேலன்ஸை வாங்கிவிட வேண்டும். எல்லாம் தயார் என்று சொல்லும் கம்பெனியில் பெரும்பாலும் யாரும் பட்டியலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு ஆவணம் உண்மையிலேயே கிடைக்காவிட்டால், ஆடிட்டர் வேறு வழியில் சரிபார்க்கப் பார்ப்பார். வங்கி பதில் தராவிட்டால் திரும்ப எழுதுவார், நேரில் போவார். பாக்கிதாரர் பதில் தராவிட்டால், ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பணம் வங்கிக்கு வந்ததா என்று பார்ப்பார். அதற்கெல்லாம் நாள் வேண்டும். எந்த வழியும் இல்லாமல், தொகையும் பெரிதாக இருந்தால், அறிக்கையில் அதைக் குறிப்பிட்டுத்தான் கையெழுத்திடுவார். வங்கிக் கடன் புதுப்பிக்கும்போது முதலில் படிக்கப்படுவது அந்தப் பத்திதான். நிர்வாகம் எழுதித் தரும் உறுதிமொழிக் கடிதம் இந்த இடத்தை நிரப்பாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சட்டம் தரும் கடைசி நாளோ செப்டம்பர் 30.

ஆகவே, இப்படி ஒரு மெயில் உங்கள் கம்பெனிக்கு வந்தால், இருக்கும் ஆவணங்களைத் தேடி எடுப்பதில் தொடங்காதீர்கள். முதலில் பட்டியலை முழுக்கப் படித்து, உங்களிடம் இல்லாதவை எவை என்று குறித்து, இரண்டு நாளுக்குள் பதில் எழுதுங்கள். இருப்பவற்றை ஜூன் 9 அன்றுகூட எடுத்துக்கொள்ளலாம்.